லைக்கை எண்ணாதீங்க அண்ணாச்சி, பில்லை எண்ணுங்க

ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் கூட்டத்துல நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வீடியோ வந்திருக்கும். புரசைவாக்கம் பாத்திரக்கடை அண்ணாச்சி மைக்கைப் பிடிச்சு, "ஃபேஸ்புக்ல போடுற காசு கடல்ல கரைச்ச பெருங்காயம்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. கடைகளுக்கு ஃபேஸ்புக் விளம்பரம் விடுறதே வேலையா இருக்கிற நானும் சிரிச்சுத் தொலைச்சேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிஞ்சது. மைக் என் கைக்கு வரலை. அதனால அவர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்றேன்.

"ஐயாயிரம் போட்டேன், நானூறு லைக் வந்துச்சு. ஒரு குக்கர் விக்கலையே?"

அண்ணாச்சி, நீங்க காசு கொடுத்து வாங்கினதே லைக்கைத்தான். "Boost post" பட்டனை அழுத்திட்டு, என்ன நோக்கம்னு கேட்கிற இடத்துல லைக், கமெண்ட்டுக்கான தேர்வை விட்டுட்டா, எதைப் பார்த்தாலும் லைக் போடுற ஆட்களாப் பார்த்துக் காட்டும். அவங்களும் குக்கர் வாங்கக் கிளம்புறவங்களும் ஒரே ஆளில்லை. ஊரையும் சுருக்கலைன்னா தேனியில இருக்கிறவருக்கும் போகும். அவர் ஹார்ட்டின் போடுவார், புரசைவாக்கத்துக்கு பஸ் ஏற மாட்டார். லைக்கை எண்ணாதீங்க, பில்லை எண்ணுங்கன்னு மூணு வருஷமா கத்திட்டிருக்கேன். லைக் கல்லாவுக்கு வராதுன்னு முதல்ல சொன்னதே நான்தான், அதுக்கும் எனக்கே திட்டு.

"அப்போ வந்த ஒரு ஆளைக் காட்டு."

காட்டுறேன். அம்பத்தூர்ல என் அத்தைக்கு மேட்சிங் பிளவுஸ் கடை. முதல் தடவை நானும் இதே லைக் தப்பைத்தான் பண்ணேன். ரெண்டாவது தடவை விளம்பரத்தைத் தொட்டா நேரா வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி வச்சு, கடையைச் சுத்தி ஐந்து கிலோமீட்டருக்குள்ள மட்டும் விட்டேன். நாளைக்கு 300 ரூபாய், பதினாலு நாள்: 4,200. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 4,956. (அத்தை காம்போசிஷன்ல இருக்காங்க, அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. இதை யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க.)

கல்லாப் பக்கத்துல ஒரு நாற்பது பக்க நோட்டு. பில் போடும்போது அத்தை ரெண்டே கேள்வி கேட்பாங்க: முன்னாடி வந்திருக்கீங்களா? எதைப் பார்த்து வந்தீங்க? வாட்ஸ்அப்ல பேசினவங்க 61 பேர். கடைக்கு வந்தவங்க 19. அதுல ஏழு பேர் பழைய வாடிக்கை, விளம்பரம் இல்லைன்னாலும் வந்திருப்பாங்க. அவங்களை அடிச்சுட்டேன். புதுசு 12.

துணி, லைனிங், தையல் எல்லாம் சேர்த்து ஒரு பில் சராசரியா 900. அதுல அத்தைக்கு நிக்கிறது 270. பன்னிரண்டு பேருக்கு 3,240. ஆமா அண்ணாச்சி, 1,716 ரூபாய் நஷ்டம். மறைக்கலை. அடுத்த மாசம் அந்தப் பன்னிரண்டுல ஐந்து பேர் திரும்ப வந்தாங்க, 1,350 வந்தது. அப்பவும் 366 ரூபாய் துண்டு விழுந்தது. மூணாவது மாசம் ரெண்டு பேர் வந்த பிறகுதான் கணக்கு நேராச்சு.

"அப்போ நான் சொன்னது சரிதானே?"ன்னு கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும். இல்லை. திரும்பி வராத பொருள் விக்கிறவருக்கு நீங்க சொன்னது சரியா இருக்கலாம். குக்கரை மாசாமாசம் யாரும் வாங்குறதில்லை, அதை நான் ஒத்துக்கிறேன். ஆனா நீங்க அந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லலையே! கல்லாவைப் பார்த்துச் சொன்னீங்க. அத்தை கடையில ஒரு நாளைக்கு 25 பில்லும் ஆகும், 45 பில்லும் ஆகும். பதினாலு நாள்ல பன்னிரண்டு புது ஆள்னா நாளைக்கு ஒருத்தர் கூட இல்லை. அந்த ஒருத்தர் கல்லாவுல எங்கே தெரிவார்? சம்பள வாரத்துல விளம்பரம் விட்டா நல்லா ஓடுதும்பீங்க, மாசக் கடைசியில விட்டா வேஸ்ட்டும்பீங்க. ரெண்டும் விளம்பரத்தோட வேலை இல்லை.

நோட்டும் முழு உண்மை இல்லைதான். பார்த்துட்டு வந்தவங்களே "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்"பாங்க. அப்படி எத்தனை பேர் தப்பிச்சாங்கன்னு எனக்கும் தெரியாது. அதனால எண்ணிக்கை கொஞ்சம் குறைவா வந்திருக்கலாம்.

"உனக்கு இதுல கமிஷன், அப்படித்தான் பேசுவே"ன்னு பின்வரிசையில ஒருத்தர் சொன்னார் பாருங்க, அதுதான் உறுத்துது. ஆமா, மாசச் சம்பளம் வாங்குறேன். கடை வாசல்ல ஃபிளெக்ஸ் கட்டுறவரும் காசுதான் வாங்குறார். அந்த போர்டைப் பார்த்து எத்தனை பேர் உள்ளே வந்தாங்கன்னு அவரை யாராவது மேடையில நிக்க வச்சுக் கேட்டிருக்கீங்களா? நஷ்டக் கணக்கை நோட்டோட எடுத்து வந்து காட்டுறவ நான் ஒருத்திதான். அந்த நோட்டு அன்னைக்கும் என் பையிலதான் இருந்தது.