மழை பெய்தால் மட்டும் கத்தும் ரிவர்ஸ் சென்சார்

பின்னால் ஒன்றுமே இல்லை. ரிவர்ஸ் போட்டதும் பீப் என்று விடாமல் கத்துகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், "சென்சார் போச்சுண்ணே, நாலையும் மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றிய காடி அடுத்த மழைக்கு மறுபடியும் கத்துகிறது. சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணங்களில் இது அடிக்கடி நடக்கிறது. சோதித்துப் பார்க்காமல் நல்ல சென்சாரைக் கழற்றிப் போடுவது தவறு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

முதலில், எப்போது கத்துகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி கத்தினால் அழுக்கு அல்லது சென்சார் மீது சந்தேகப்படலாம். சாயங்கால மழைக்குப் பிறகு கத்தி, மறுநாள் உச்சி வெயிலில் தானாக அடங்கினால், பெரும்பாலும் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்.

அழுக்கு ஏன் கத்த வைக்கிறது? பம்பரில் தெரியும் அந்தச் சின்ன வட்டத்துக்குப் பின்னால் ஒரு தகடு அதிர்கிறது. சுமார் 40 கிலோஹெர்ட்ஸ், நம் காதுக்கு எட்டாத ஒலி. அதிர்ந்து அடங்கியதும் அதே தகடுதான் எதிரொலியையும் கேட்கிறது. 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒலி போய்த் திரும்ப 2 மில்லிசெகண்டுகூட ஆகாது. அதற்குள் தகடு அடங்கியாக வேண்டும். தகட்டைப் பம்பரிலிருந்து பிரித்து வைப்பது சுற்றியுள்ள ரப்பர் வளையம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் அந்த வளையத்தின் இடுக்கில் போய்க் காய்ந்தால் பம்பரும் சேர்ந்து அதிரும், அதிர்வு நீளும். சென்சார் ஒயர்கள் வந்து சேரும் கண்ட்ரோல் பெட்டி அதை எதிரொலி என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் சுவர் இருப்பதாகக் கத்தும். ஆகவே சென்சாரின் முகத்தை மட்டும் துடைத்தால் போதாது. சவர்க்காரத் தண்ணீரில் மண்ணை ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் வளையத்தைச் சுற்றித் தேயுங்கள். வாட்டர் ஜெட்டைக் கிட்டத்தில் பிடிக்காதீர்கள். மண்ணையும் தண்ணீரையும் அதுவே உள்ளே தள்ளிவிடும்.

சுத்தம் செய்தும் நிற்கவில்லையென்றால், கடையில் பூட்டிய நாலு சென்சார் கிட் உள்ள ஒரு காடியை எடுத்துக்கொள்வோம். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து ரிவர்ஸ் போடுங்கள். ஒவ்வொரு சென்சாரிலும் விரல் வைத்தால் மெல்லிய டிக்டிக் தெரியும். நாலும் டிக்டிக் என்றால் நாலுக்கும் கரண்டு போகிறது. அடுத்து, காடியின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் இருக்கும் கண்ட்ரோல் பெட்டியில் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வலது ஓரத்துப் பிளக்கைக் கழற்றியதும் கத்தல் நின்றது என்று வையுங்கள். சென்சார் இல்லையென்றாலே கத்தும் பெட்டிகளும் உண்டு. அவற்றில் கழற்றிப் பார்ப்பதற்குப் பதிலாகப் பிளக்குகளை இடம் மாற்றி, ஸ்கிரீனில் காட்டும் பக்கம் மாறுகிறதா என்று பாருங்கள். கோளாறு வலது பக்கம் என்று தெரிந்தபின், பம்பருக்குள் உள்ள இணைப்பில், பக்கத்துச் சென்சாரை வலது ஒயரில் மாட்டுங்கள். நல்ல சென்சார் மாட்டியும் கத்தினால் கோளாறு பெரும்பாலும் ஒயரிலோ கனெக்டரிலோதான். அந்த நிலையில் புதுச் சென்சார் வாங்குவது வீண் செலவு.

கனெக்டரைப் பிரித்ததும் பின்னில் பச்சைக் களிம்பு தெரியும். ஈரம் பட்டால் அந்தக் களிம்பு இரண்டு பின்களுக்கும் நடுவே பாலம் போட்டு, பொய்ச் சிக்னல் கொடுக்கிறது. காய்ந்தால் பாலம் அறுந்து கத்தல் நிற்கும், ஆனால் களிம்பு அங்கேயேதான் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து முழுக்கக் காயவிடுங்கள். ரப்பர் சீல் கிழிந்திருந்தால் மாற்றி, சீலில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். பின் அரித்துப்போயிருந்தால், செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை ஒயரை வெட்டி, சால்டர் வைத்து, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். கறுத்துப்போன செம்பு என்றால் தண்ணீர் ஒயருக்குள்ளேயே ஏறிவிட்டது என்று அர்த்தம். அங்கே சால்டர் பிடிக்காது. சில கிட்களில் செம்புக் கம்பியைச் சுற்றி வலை போட்ட ஒயர் இருக்கும். அதை முறுக்கி ஒட்டினால் இரைச்சல் புகுந்து வேறு மாதிரி கத்தும். அந்த ஒயரை முழுதாக மாற்றுங்கள்.

கறுப்பு டேப் மட்டும் சுற்றித் தருவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நம் வெயிலில் பசை இளகும், டேப் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்கும். மாட்டும்போது ஒயரைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றிக் கட்டுங்கள். ஒயர் வழியே இறங்கும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். பூட்டுத் தகரத்தில் ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் உண்டா என்றும் பாருங்கள். இல்லையென்றால் தகரம் ஒயரை அறுக்கும். செம்பனை எலிகள் கடித்த ஒயரும் அந்த இடத்தில் அகப்படலாம்.