1949 செப்டம்பர் 14: சண்டை இந்திக்காக இல்லை, எண்களுக்காக

இந்தி தினம் என்று கொண்டாடப்படும் ஒவ்வொரு செப்டம்பர் 14 அன்றும் இங்கே ஒரு சண்டை நடக்கும். ஒரு தரப்பு, அரசியல் சாசனமே இந்தியைத் தேசிய மொழி என்று சொல்லிவிட்டது என்பார்கள். இன்னொரு தரப்பு, நேரு காலத்திலேயே ஆங்கிலத்துக்கு நிரந்தர இடம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்பார்கள். இரண்டுமே தப்பு. சாசனத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபை 1949-இல் என்ன செய்தது என்று பார்த்தால், இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

சபை 1946 டிசம்பர் 9-ஆம் தேதி கூடியது. மறுநாளே மொழிச் சண்டை ஆரம்பம். இன்றைய உ.பி.யான ஐக்கிய மாகாணத்து உறுப்பினர் துலேகர் எழுந்து இந்துஸ்தானியில் பேசினார். பலருக்கு அது தெரியாதே என்று அன்றைய தற்காலிகத் தலைவர் சொன்னபோது, இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்கவே உரிமை இல்லை, இந்தச் சபையில் உட்காரவும் தகுதி இல்லை, கிளம்பலாம் என்றார். நாட்டுக்கு இன்னும் சுதந்திரமே வரவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 1948 நவம்பரில், சென்னை மாகாணத்திலிருந்து போன டி.டி. கிருஷ்ணமாச்சாரி இதற்குப் பதில் சொன்ன மாதிரியே பேசினார். தெற்கில் ஏற்கெனவே பிரிவினை கேட்பவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் இந்தி ஏகாதிபத்தியம் நடத்தினால் அவர்கள் கைதான் ஓங்கும். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை உ.பி. நண்பர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். பேசியவர் திராவிட இயக்கத்துக்காரர் இல்லை. திராவிடர் கழகத்தின் குரல் அந்தச் சபையில் ஒலிக்கவே இல்லை. மாகாணச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்து அனுப்பிய சபை அது. அந்தச் சட்டசபைகளுக்கு ஓட்டுப் போட்டதும் சொத்து, படிப்பு, வரி என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தவர்கள் மட்டும்தான். அப்படிப்பட்ட சபையிலேயே தெற்கின் காங்கிரஸ்காரர்கள் இப்படிப் பேச வேண்டியிருந்தது.

மற்ற பகுதிகள் ஒவ்வொன்றாக நிறைவேறிக்கொண்டு போக, மொழியை மட்டும் கடைசி வரை தள்ளிப்போட்டார்கள். 1949 செப்டம்பர் 12-ஆம் தேதி விவாதம் தொடங்கியபோது முந்நூறுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் மேசையில் கிடந்தன. சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடக்கத்திலேயே எச்சரித்தார்: பெரும்பான்மை ஓட்டில் ஒன்றை நிறைவேற்றிவிடலாம், ஆனால் நாட்டின் ஒரு பெரும்பகுதி அதை ஏற்காவிட்டால் சாசனத்தை நடைமுறைப்படுத்துவதே கஷ்டமாகிவிடும் என்று. இந்தி ஆதரவாளரான அவரே இதைச் சொன்னதுதான் முக்கியம்.

சபை உறுப்பினர்கள் முன்ஷியும் கோபாலசாமி ஐயங்காரும் ஒரு சமரசம் கொண்டுவந்தார்கள். தேவநாகரி எழுத்தில் இந்தி, ஒன்றியத்தின் அலுவல் மொழி; தேசிய மொழி என்று இல்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் அப்போது இருந்ததுபோலவே தொடரும். எண்கள் மட்டும் 1, 2, 3 என்று உலகம் எழுதும் வடிவத்தில்.

இந்தி அலுவல் மொழி ஆவதைப் பற்றி அந்த மூன்று நாளில் பெரிய சண்டை இல்லை. சண்டை எண்களைப் பற்றித்தான்! தேவநாகரி எழுத்து என்றால் १, २, ३ என்ற தேவநாகரி எண்ணும் வர வேண்டும் என்று தீவிர இந்தி ஆதரவாளர் புருஷோத்தம்தாஸ் தாண்டன் தரப்பு பிடிவாதமாக நின்றது. தெற்கத்தி உறுப்பினர்கள் அதை மட்டும் விடமாட்டோம் என்றார்கள். கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றிலும் கணக்கு, அச்சு, பள்ளிப் பாடம் என்று அந்த 1, 2, 3 ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது. மொழியைத்தான் விட்டுக்கொடுத்தோம், எண்ணையுமா என்ற கோபம் அது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு உறுப்பினர் துர்காபாயுடையது. சின்ன வயதிலேயே ஆந்திரத்தில் பெண்களுக்கு இந்திப் பள்ளி நடத்தியவர். தெற்கில் நாங்களாக விரும்பி இந்தி படித்தோம், அந்த ஆர்வத்துக்குப் பரிசாக இப்போது இந்த ஆர்ப்பாட்டமா என்று அதிர்ச்சியோடு கேட்டார். கோயம்புத்தூர் ராமலிங்கம் செட்டியார் இன்னும் நேரடியாக, எங்கள் மொழிகள் இந்தியைவிட வளமான இலக்கியம் உள்ளவை, இந்தியை ஏற்பது அதன் சிறப்புக்காக இல்லை, பேசுகிறவர்கள் அதிகம் என்பதற்காக மட்டும்தான் என்றார். பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங், முண்டாரி, கோண்டி, ஒராவ் மொழிகளையும் சாசனத்தின் மொழி அட்டவணையில் சேர்க்கக் கேட்டார். சேர்க்கவில்லை. அந்த எட்டாவது அட்டவணை பதினான்கு மொழிகளோடு நின்றது. பழங்குடி மொழிகளுக்காகத் தெற்கிலிருந்து யாரும் மல்லுக்கு நின்றதாகத் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

14-ஆம் தேதி மாலை சமரசம் நிறைவேறியது. சாசனத்தின் உறுப்பு 343-ஐ நிதானமாகப் படித்தால் அந்தச் சண்டையின் தழும்பெல்லாம் தெரியும். முதல் பிரிவு இந்திக்கு இடம் கொடுத்துவிட்டு, எண்கள் 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' என்கிறது. இரண்டாம் பிரிவு ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு கொடுத்துவிட்டு, அதற்குள்ளேயே குடியரசுத் தலைவர் விரும்பினால் இந்தியையும் தேவநாகரி எண்களையும் கூடவே அனுமதிக்கலாம் என்கிறது. மூன்றாம் பிரிவில்தான் சூட்சுமம்: பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் ஆங்கிலம் தொடர நாடாளுமன்றம் சட்டம் போடலாம். 'போடலாம்', அவ்வளவுதான். ஆக 1949-இல் யாரும் மொழிப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. சாசனம் அமலுக்கு வந்த 1950 ஜனவரி 26-இலிருந்து பதினைந்து ஆண்டு, அதாவது 1965 ஜனவரி 26 வரை வாய்தா வாங்கினார்கள்.

வாய்தா வாங்கியதைப் பலர் கோழைத்தனம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்று ஓட்டெடுப்பில் யார் ஜெயித்திருந்தாலும் தோற்ற தரப்பு சாசனத்தையே தனக்கு அந்நியமாகப் பார்த்திருக்கும். (மூன்றே நாளில், செப்டம்பர் 17 அன்று, சென்னையில் தி.மு.க. பிறந்தது. காரணம் பெரியாரோடு வந்த பிளவுதான், இந்த விவாதம் இல்லை. இருந்தாலும் தேதியைப் பாருங்கள்.)

ஆனால் வாய்தாவுக்கு விலையும் உண்டு, அதைக் கொடுத்தது தமிழ்நாடு. 1963 அலுவல் மொழிச் சட்டம் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றுதான் சொன்னது. அந்த 'லாம்' போதாது என்று 1965-இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின. அதன் பிறகு வந்த 1967 திருத்தம்தான் உண்மையான பூட்டு. இந்தியை அலுவல் மொழியாக ஏற்காத மாநிலங்கள் அத்தனையின் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போட்டால்தான் ஆங்கிலத்தை நிறுத்த முடியும். ஒரு மாநிலம் மறுத்தாலும் நடக்காது. கூட்டாட்சி என்று வாய் வலிக்கப் பேசுகிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் இது சாசனத்தில் இல்லை, சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது. சாதாரணப் பெரும்பான்மை போதும், நாளைக்கே மாற்றலாம். ஆங்கிலம் நிரந்தரம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க.

மாநிலத்துக்குள் கதை வேறு. உறுப்பு 345 மாநிலச் சட்டமன்றம் தன் அலுவல் மொழியைத் தானே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டது. ஆனால் அடுத்த சில உறுப்புகளிலேயே 348 வருகிறது: உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம், வேறு மொழி வேண்டுமென்றால் குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும். ராஜஸ்தான், உ.பி., ம.பி., பீகார் நான்குக்கும் இந்தியில் வழக்காட ஒப்புதல் கிடைத்தது. தமிழுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டுக் கேட்டது, கிடைக்கவில்லை. ஒரே உறுப்பு, ஒரே வாசகம், சாவி மட்டும் டெல்லியில். செப்டம்பர் 14 அன்று சண்டை போட ஆசைப்படுகிறவர்கள் 343-ஐ விட்டுவிட்டு 348-ஐப் பிடித்தால் எனக்குச் சந்தோஷம்.