மறுபெற்றோராக்கம் என்றால் எல்லையே இல்லையா?

“ஸ்கீமா தெரபியில் தெரபிஸ்ட் அம்மா மாதிரி எந்நேரமும் கிடைக்கணும். எல்லை போட்டால் அது ஸ்கீமா தெரபியே இல்லை” என்று சிலர் சொல்வதுண்டு. ஸ்கீமா தெரபி என்பது சிறுவயதில் பதிந்து இன்றும் துரத்தும் மன வார்ப்புகளை, அதாவது ஸ்கீமாக்களை, மாற்ற முயலும் உளவியல் சிகிச்சை.

பாதி சரி. அரவணைப்பு உண்டு, அமர்வுக்கு வெளியே தொடர்பும் இருக்கலாம். ஆனால் சிறுவயதில் கிடைக்காத அரவணைப்பைத் தெரபிஸ்ட் ஓரளவு தரும் அந்த முறையின் பெயரே ‘வரையறுக்கப்பட்ட’ மறுபெற்றோராக்கம்.

ஒரு கற்பனை கேஸ்: இரவில் அனுப்பிய செய்திக்குப் பதில் தாமதமானதும் ஒரு பெண் “இனி வரமாட்டேன்” என்கிறார். ‘என்னைக் கைவிட்டுவிடுவார்கள்’ என்ற ஸ்கீமா தூண்டப்பட்டு, பயந்துபோன குழந்தை போல உணரும் ‘காயப்படக்கூடிய குழந்தை’ நிலை எழுகிறது. அந்த வலியை மறைக்க, விலகிநிற்கும் பாதுகாவலர் நிலை முன்னால் வருகிறது. அந்த விலகலுக்கு மட்டும் பதில் சொன்னால் உள்ளே இருக்கும் குழந்தையைத் தவறவிடுவோம்.

தெரபிஸ்ட் முதலில் பயத்தை ஒப்புக்கொள்வார். அப்புறம், “இரவு செய்திகளை நான் காலையில்தான் பார்ப்பேன், இல்லையென்றால் எனக்கே சலிப்பு வந்துவிடும்” என்று தன் காரணத்தையே சொல்வார். நிறுவன விதியைக் காட்டுவது, கைவிடப்படுவோம் என்று பயப்படுபவர்களுக்கு இன்னொரு நிராகரிப்பாகப் படலாம். நெருக்கடி நேரத்துக்குத் தனி ஏற்பாடும் முன்பே பேசப்பட்டிருக்க வேண்டும்.

சரிபார்க்க: ஜெஃப்ரி யங், க்ளோஸ்கோ, வைஷார் எழுதிய 2003 சிகிச்சைக் கையேட்டில் கைவிடப்படும் பயம் தீவிரமாக இருக்கும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். எல்லை வைப்பது எப்படி என்று அங்கேயே இருக்கிறது. எவ்வளவு வெளித்தொடர்பு போதும் என்பதில் மட்டும் பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.