மறுமதிப்பீட்டு உபரி ஏன் லாபத்தில் சேர்வதில்லை

"50 லட்சத்துக்கு வாங்கிய நிலம் இப்போது 80 லட்சம். அந்த 30 லட்சம் லாபம்தானே, ஏன் லாப நட்டக் கணக்கில் காட்டவில்லை?"

நிறுவனம் இன்னும் நிலத்தை விற்கவில்லை, பணமும் வரவில்லை. அடுத்த மதிப்பீட்டில் இந்த உயர்வு கரைந்தும் போகலாம். இதை லாபமாகக் காட்டினால், வியாபாரம் நன்றாக நடந்தது போலத் தோன்றும். கையில் இல்லாத பணத்துக்கு டிவிடெண்ட் கேட்பார்கள். அதனால் ஐஏஎஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி 30 லட்சமும் லாப நட்டக் கணக்கில் சேராத பிற விரிவான வருமானம் வழியாக உரிமையாளர் பங்குப் பகுதியில் மறுமதிப்பீட்டு உபரி என்ற தனித் தலைப்பில் நிற்கும். முன்பு இதே நிலத்தின் மதிப்புக் குறைவை நட்டமாக எழுதியிருந்தால் மட்டும், அந்த அளவுக்கு உயர்வு லாபத்தில் வரும்.

பின்னால் மதிப்பு 45 லட்சமாகச் சரிந்தால், முதலில் உபரியின் 30 லட்சம் தீரும், மிச்சம் 5 லட்சம்தான் நட்டம். ஒரு நிலத்தின் உபரியை வேறொரு கட்டடத்தின் சரிவுக்கு ஈடுகட்டக் கூடாது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

சரியாமல் 85 லட்சத்துக்கு விற்றால்? லாபம் 5 லட்சம் மட்டுமே. உபரியின் 30 லட்சத்தை நேராகத் தக்கவைத்த வருவாய்க்கு மாற்றலாம். அப்போதும் அது லாப நட்டக் கணக்கைத் தொடாது.