தடுப்பூசி உறைந்தால் உருக்கிப் போடலாமா?

“தடுப்பூசிக்குக் குளிர் கூடினால் கெடுதல் இல்லை. உறைந்துபோனாலும் உருக்கிப் போடலாம், குப்பி நிறம் மாறாவிட்டால் போதும்.” – வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி.

இது தவறு. போலியோ சொட்டு மருந்து உறைநிலையைத் தாங்கும். ஆனால் பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டிடி போன்றவற்றில் அலுமினிய உப்பு இருக்கிறது. உறைந்ததும் அந்தத் துகள்கள் கட்டிப்பட்டுவிடும், உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, வீரியம் போய்விடும். அதனால்தான் இவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கிறார்கள்.

லேபிளில் விவிஎம் என்று ஒரு சதுரம் இருக்கும், சூடு பட்டால் நிறம் மாறும். அது வெப்பத்தை மட்டுமே காட்டும். உறைந்ததை அது காட்டாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் லாகர் கருவியில், இரவில் மைனஸ் 1 டிகிரி இரண்டு மணி நேரம் பதிவாகியிருக்கிறது என்று வையுங்கள். கட்டியாக உறைந்த குப்பியைச் சோதிக்கவே வேண்டாம், கழித்துவிடலாம். மற்றவற்றை ‘பயன்படுத்தாதீர்’ என்று எழுதி, 2–8 டிகிரியிலேயே தனியாக வைக்க வேண்டும். பிறகு குலுக்கல் சோதனை. அதே நிறுவனத்தின் அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே முழுதாக உறையவைத்து, உருக்க வேண்டும். அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, மேசையில் அருகருகே வைத்து அரை மணி நேரம் வரை பார்க்க வேண்டும். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்திலோ அதைவிட விரைவாகவோ படிந்தால் அது கெட்டுவிட்டது. மெதுவாகப் படிந்தால் பயன்படுத்தலாம். அலுமினியம் இல்லாத தடுப்பூசிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இதைச் சரிபார்க்கலாம். ‘உறையவிடாதீர்’ என்ற எச்சரிக்கை மருந்துடன் வரும் தாளிலேயே இருக்கும். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.