ட்ரிப்பில் பயந்துபோன நண்பனுக்கு எதையும் கொடுக்காதீர்கள்

எல்எஸ்டி, மேஜிக் காளான் மாதிரி மாயத்தோற்றம் காட்டும் போதைப்பொருள் எதையாவது எடுத்தவர் நடுவில் பயந்து நடுங்க ஆரம்பித்தால், சுற்றியிருப்பவர்களின் கை உடனே எதையாவது தேடும். ஒருவர் "ரெண்டு பெக் ஊத்து, தூங்கிடுவான்" என்பார். இன்னொருவர் கஞ்சாவை நீட்டுவார். மூன்றாமவரிடம் வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை இருக்கும். என் கருத்தில், அந்த நேரத்தில் அறையிலேயே ஆபத்தானது இந்த அவசரம்தான். நல்ல எண்ணத்தோடு வருவதால் யாரும் தடுப்பதும் இல்லை.

கஞ்சா பெரும்பாலும் அந்தப் பயத்தை இன்னும் ஏற்றிவிடும். சாராயம் தள்ளாட்டத்தையும் வாந்தியையும் கூட்டும், இருக்கிற கொஞ்சநஞ்ச நிதானத்தையும் எடுத்துவிடும். தூக்க மாத்திரைக்குத்தான் ஆதரவாளர்கள் அதிகம், "ஆஸ்பத்திரியிலயே அதைத்தானே கொடுக்கிறாங்க" என்பார்கள். உண்மைதான். தேவைப்பட்டால் மருத்துவர்கள் அந்த வகை மருந்தைக் கொடுக்கிறார்கள். ஆனால் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள். வீட்டில் நடப்பது வேறு. வாய்வழி போட்ட மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் பொறுமை போய் இரண்டாவதைக் கொடுப்பார்கள். ஏற்கெனவே குடித்திருந்தால், அல்லது ஓபியாய்டு வகை வலி மாத்திரை உள்ளே இருந்தால், இரண்டும் சேர்ந்து மூச்சையே அமுக்கிவிடும். பயந்துகொண்டிருந்தவனை மூச்சு விடாதவனாக ஆக்குவது இப்படித்தான். (ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தால் இறங்கிவிடும் என்பது சும்மா கதை. தாகமென்றால் ஒரு வாய் தண்ணீர் போதும்.)

சரி, எதையும் கொடுக்காமல் என்ன செய்வது? நான் பக்கத்தில் இருந்த ஓர் இரவைச் சொல்கிறேன்.

நண்பன் இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டாம்பை, அதாவது எல்எஸ்டி ஊறிய சின்னக் காகிதத் துண்டை, நாக்கில் வைத்தான். எல்எஸ்டி உச்சத்துக்கு வருவது சுமாராக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில். முழுக்க அடங்க எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். காளான் என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம். பதினொரு மணி வாக்கில் அவன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "டைம் நின்னுடுச்சு, நான் செத்துட்டேன்னு நினைக்கிறேன்" என்றான். அறையில் ட்யூப்லைட், சத்தமான பாட்டு, ஐந்து பேர். அதில் ஒருவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் மாற்றியது அறையைத்தான். பாட்டை நிறுத்தி, பெரிய விளக்கை அணைத்து, ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும். வீடியோ எடுத்தவரோடு இன்னும் இரண்டு பேர் பக்கத்து அறைக்குப் போனார்கள். வண்டிச் சாவி ஒருவர் பைக்குள் போனது, பால்கனிக் கதவு பூட்டப்பட்டது. அப்புறம் நான் தரையில், அவனுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அறைக் கதவை மறைத்து உட்காரக் கூடாது. வெளியே போக வழியில்லை என்று தோன்றினால் பயம் இரட்டிப்பாகும்.

அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீ ஒன்பது மணிக்கு ஸ்டாம்ப் வச்சடா. இப்ப பதினொன்னேகால். அது பண்ற வேலைதான் இது. விடியறதுக்குள்ள நல்லாவே இறங்கிடும். நான் இங்கயேதான் இருப்பேன்." நான்கு நிமிடத்தில் அவன் அதையே திரும்பக் கேட்டான். அதே பதிலை அதே வார்த்தைகளில் சொன்னேன். இரவு முழுக்க இதுதான் என் முக்கிய வேலை. நேரம் குலைந்துபோனவனுக்கு மாறாத ஒரு வாக்கியம் பிடிமானமாக இருக்கும். "அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்" என்று மட்டும் சொல்லக் கூடாது. ஐந்து நிமிடத்தில் சரியாகாது, அதன் பிறகு உங்கள் பேச்சில் நம்பிக்கை போய்விடும்.

செத்துவிட்டேன் என்பவனிடம் வாதம் பண்ணியும் பயனில்லை. "லூசு மாதிரி பேசாத" என்றால் தான் பைத்தியமாகிவிட்டோம் என்ற புதுப் பயம் சேரும். "ஆமாண்டா" என்று கூடவே இழுபடவும் கூடாது. "ரொம்ப பயமா இருக்கா? எங்க தெரியுது?" என்று கேட்டேன். நெஞ்சைத் தொட்டு, இதயம் வெடிக்கப்போகிறது என்றான். நாடி வேகமாவதும், ரத்த அழுத்தம் ஏறுவதும், கண்மணி விரிவதும் இந்தப் பொருட்களின் வழக்கமான விளைவு. அதைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொள்ளவா என்று கேட்டு, அவன் தலையாட்டிய பிறகுதான் பிடித்தேன். கேட்காமல் தொட்டால் அது தாக்குதலாகக்கூடத் தெரியலாம். "மூச்சை இழு, விடு" என்று டிரில் மாஸ்டர் வேலை பார்க்கவில்லை. நான் மெதுவாக மூச்சு விட்டேன், கொஞ்ச நேரத்தில் அவனும் அதே வேகத்துக்கு வந்தான். கண்ணை மூடினால் என்னவோ வருகிறது என்றபோது, "வரட்டும், அதோட சண்டை போடாத, நான் பக்கத்துலதான இருக்கேன்" என்றேன்.

பயம் அலை அலையாக வரும். இருபது நிமிடம் அமைதியாகி, போர்வைக்குள் சிரித்துக்கொண்டிருந்தவன் மறுபடி நடுங்குவான். முடிந்துவிட்டது என்று நம்மாட்கள் கிளம்புவது அந்த இடைவெளியில்தான். அவன் தெளிவாக இருந்தபோதே, "திரும்ப ஒருதரம் வரலாம், வந்தா பயந்துக்காத" என்று சொல்லிவைத்தேன். பாத்ரூம் போனபோது கண்ணாடியில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, கதவைத் தாழ்போட வேண்டாம் என்று சொல்லி வெளியே நின்றேன். மூன்று மணிக்கு மேல் அலைகள் சின்னதாகின.

உட்கார்ந்திருப்பது போதாத நிலைமைகளும் உண்டு. வலிப்பு, தொட்டால் சுடுகிற உடம்பு, விறைத்த கைகால், நெஞ்சுவலி, மயக்கம், கூப்பிட்டாலும் பதில் இல்லாமை, மூச்சு மந்தமாவது, தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போவது: இதில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸ்தான், யோசனையே வேண்டாம். ஸ்டாம்ப் என்று விற்கப்படுவதெல்லாம் எல்எஸ்டி அல்ல. என்-போம் வகை ரசாயனங்களும் அதே காகிதத்தில் வருகின்றன. அவற்றால் வலிப்பு வந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். நாக்கில் வைத்ததும் கடும் கசப்போ மரத்துப்போன உணர்வோ இருந்தது என்று சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும். கசப்பு இல்லாததால் எல்எஸ்டிதான் என்றும் முடிவுகட்ட முடியாது. மனநலச் சிகிச்சைக்காக லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பொருட்களோடு வலிப்பு அபாயம் உண்டு, அதனால் வழக்கமான மாத்திரை எதுவும் உண்டா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். திமிறுபவரைக் குப்புறப் போட்டு அமுக்காதீர்கள், அதில் மூச்சு நின்றுபோகும். மருத்துவரிடம் எதை, எப்போது, எவ்வளவு எடுத்தார், கூட என்ன சேர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பில், காளானால் மோசமான அனுபவம் நேர்ந்த ஏறக்குறைய 2,000 பேரைக் கேட்டார்கள். தன்னையோ மற்றவரையோ உடல்ரீதியான ஆபத்துக்குள்ளாக்கியதாக 11 சதவீதம் பேர் சொன்னார்கள். சாவியும் பால்கனியும் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான்.

காலையில் தூங்கி எழும் வரை யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. என்ன பார்த்தாய் என்று துருவ வேண்டாம், அவராகச் சொன்னால் கேளுங்கள். ஆனால் ஒரு நாள் கழிந்தும் குரல்கள் கேட்பதோ, எல்லோர் மேலும் சந்தேகமோ, தூக்கமே இல்லாமையோ தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் நீங்களும் கூடவே போங்கள்.