தேர்வு மண்டபத்தில் விளக்கு அணைந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

எஸ்.பி.எம். எழுதப் போகும் பிள்ளைகளிடம் பேனா எடுத்தாயா, அடையாள அட்டை எடுத்தாயா என்று பத்து தடவை கேட்கிறோம். பாதித் தேர்வில் கரண்ட் போனால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. கோலாலம்பூர் பள்ளிகளில் ஆசிரியராகவும் தேர்வு மேற்பார்வையாளராகவும் இருந்தவன் நான். இதனால் பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்களைப் பற்றி மனம் விட்டு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

மதியத் தாள்கள் பெரும்பாலும் 2 மணிக்குத் தொடங்கும். நம்ம ஊரில் இடி மழை இறங்குவதும் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான். நவம்பரில் கேட்கவே வேண்டாம். கருமேகம் சூழ்ந்துவிட்டால் பகல் வெளிச்சத்தை நம்ப முடியாது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னல்களையும் சாத்திவிட்டால் மண்டபம் இன்னும் இருண்டு போகும். அந்த நேரம் பார்த்து விளக்கும் போகும்.

விளக்கு அணைந்ததும் மேற்பார்வையாளர் முதலில் பார்க்க வேண்டியது சுவர்க் கடிகாரம். மெயின் சுவிட்சைத் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: தாள் 2.00 மணிக்குத் தொடங்கி 4.30க்கு முடிய வேண்டும். 2.52க்கு விளக்கு போகிறது. மேற்பார்வையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, வெளியே எட்டிப் பார்த்து, "எழுதுவதை நிறுத்துங்கள்" என்று அறிவிக்கும்போது மணி 2.55. விளக்கு 3.14க்கு வருகிறது. பிள்ளைகளை அமைதிப்படுத்தி, "எழுதலாம்" என்று சொல்லும்போது 3.17. எத்தனை நிமிடம் போனது?

விளக்கு வந்த நேரத்தையும் நிறுத்தச் சொன்ன நேரத்தையும் கழித்து 19 என்பார்கள். சிலர் 22 என்பார்கள். சரியான விடை 25. இருட்டிய நொடியிலிருந்து மறுபடி எழுதச் சொன்ன நொடி வரை முழுவதும் பிள்ளை இழந்த நேரம்தான். ஆகவே தாள் 4.55க்கு முடிய வேண்டும். ஆறு நிமிடம் பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். ஆறு நிமிடத்தில் ஒரு கட்டுரையின் முடிவுரையை எழுதிவிடலாம். அந்த 25 நிமிடம் பிள்ளைக்குச் சேர வேண்டிய நேரம். யாரும் போடும் பிச்சை கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய மண்டபங்களில் விளக்குகளை மூன்று ஃபேஸில் பிரித்து இணைத்திருப்பார்கள். ஒரு ஃபேஸ் மட்டும் போனால் சில வரிசைகள் இருட்டாகும், மற்ற வரிசைகளில் விளக்கு எரியும். வெளிச்சம் உள்ள பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை ஒரு மண்டபத்தில் கடைசி வரிசை மாணவி ஒருத்தி வினாத்தாளை ஜன்னல் பக்கம் சாய்த்து, கண்ணுக்கு அருகில் பிடித்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்ததைப் பார்த்திருக்கிறேன். கை தூக்கவே இல்லை. அதட்டுவார்களோ என்ற பயம். பாதி மண்டபம் இருட்டினாலும் எல்லாரையும் நிறுத்தி, எல்லாருக்கும் ஒரே நேரத்தைச் சேர்த்துக் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஆளுக்கொரு முடிவு நேரம் என்று ஆக்கினால், முன்வரிசை எழுந்து போகும் சத்தத்தில் பின்வரிசை எழுத வேண்டி வரும்.

சரி, கரண்ட் எப்போது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்துக் கட்டடத்தைப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்தால் கோளாறு நம் மண்டபத்துக்குள். இடி இறங்கியதில் பிரேக்கர் டிரிப் ஆகியிருக்கலாம், தூக்கிவிட்டால் நிற்கும். தூக்கியதும் மறுபடி விழுந்தால் எங்கோ விளக்குப் பெட்டிக்குள்ளோ ஒயரிலோ மழைநீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் அதோடு மல்லுக்கட்டக் கூடாது, பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்ற வேண்டும். பக்கத்துத் தெருவே இருண்டு கிடந்தால் வெளியில்தான் கோளாறு, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. காத்திருந்தாலும் மாற்றினாலும் பிள்ளைகளைப் பேச விடக் கூடாது, வினாத்தாளும் விடைத்தாளும் மேற்பார்வையாளர்களின் கண்பார்வையை விட்டு அகலக் கூடாது. அது தவறினால் அந்த மண்டபத்தின் விடைகள் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

அறிவிப்புகளை வாயால் சொன்னால் மட்டும் போதாது. மழை கொட்டும்போது கடைசி வரிசைக்கு எதுவும் கேட்காது. நின்ற நேரம், தொடங்கிய நேரம், புதிய முடிவு நேரம் மூன்றையும் பலகையில் பெரிதாக எழுத வேண்டும். அதே நேரங்கள் அன்றைய அறிக்கையிலும் ஏற வேண்டும். பெற்றோர்கள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கொதிப்பதைப் பார்க்கிறேன். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பின்னால் யாராவது பரிசீலிக்கும்போது தேடப்போவது அந்த அறிக்கையைத்தான். அதனால் அன்றைக்கே பள்ளிக்குப் போய், "இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை தடை என்று பதிவாகியிருக்கிறதா?" என்று பணிவாகக் கேளுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியது நினைவிருக்கும். தேர்வுக் காலத்தில் அப்படி ஒன்று நேர்ந்து உங்கள் பள்ளிக்குப் போக முடியாவிட்டால் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். பள்ளிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். போய்ச் சேரக்கூடிய அருகிலுள்ள தேர்வு மையத்தில் எழுத இதுபோன்ற காலங்களில் ஏற்பாடு செய்வார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது ஆங்கிலத்தின் கேட்டல் தாளைப் பற்றி. எழுத்துத் தாளில் போன நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கேட்டல் தாளில் போவது ஒலி. பல பள்ளி மண்டபங்களுக்குக் கூரை தகரம். கனமழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்ப்பதோ தாள் தொடங்குவதற்கு முன், பெரும்பாலும் மழை இல்லாத நேரத்தில். பாதியில் மழை பிடித்ததும் சத்தத்தைக் கூட்டுவார்கள். முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு எதிரொலி மட்டும் மிஞ்சும்.

மேற்பார்வையாளர் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்று தன் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். வார்த்தை பிரிந்து கேட்கவில்லையென்றால் ஒலிப்பதிவை அங்கேயே நிறுத்தி, மழை தணிந்ததும் அந்தப் பகுதியை ஆரம்பத்திலிருந்து போட வேண்டும் என்கிறேன் நான். பிள்ளையும் அந்த நொடியிலேயே கை தூக்க வேண்டும். தாள் முடிந்த பிறகு "எனக்குக் கேட்கவில்லை" என்று சொன்னால், கேட்காததால் தவறினானா, தெரியாததால் தவறினானா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய ஏற்பாடும் உண்டு. மேலே இன்னொரு மாடி இருக்கும் வகுப்பறைகளில் மழைச் சத்தம் பாதிகூட இறங்காது. மூன்று மாடிக் கட்டடம் இருக்கும் பள்ளியில் தரைத்தளத்து வகுப்பறைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டால் ஒலிப்பெட்டிகளும் மேற்பார்வையாளர்களும் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் பள்ளியிடம் இதைக் கேளுங்கள்: கேட்டல் தாள் எந்தக் கட்டடத்தில், எந்தக் கூரையின் கீழ் நடக்கப் போகிறது?